பாட்டியிடம் பிறந்தநாளைக் கேட்காதீர்கள், கார்டைக் கேளுங்கள்

டர்பன் வட்டாரக் கோயில்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் முதியவர்களுக்குப் போனில் கணக்குத் தொடங்கித் தரும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் வெருலத்திலும் டொங்காட்டிலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்துவிடுகிறீர்கள். தாத்தா பாட்டிகளின் போனை வாங்கி வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப், வெளிநாட்டில் இருக்கும் பேரன் சொன்ன ஏதோ ஒரு சேவை என்று கணக்குத் தொடங்கித் தருகிறீர்கள். நாங்கள் அதே வேலையின் மறுமுனையில் இருப்பவர்கள். நீங்கள் அனுப்பும் அடையாள அட்டையின் படத்தையும், நீங்கள் முதலில் தட்டச்சு செய்த விவரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பொருந்துகிறதா இல்லையா என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

எங்களிடம் வந்து நிற்கும் வயதானவர்களின் கணக்குகளில் திருட்டுத்தனம் அபூர்வம். பெரும்பாலும் முதல் திரையில் பெயரோ பிறந்த தேதியோ தப்பாக விழுந்திருக்கும். அது தெரியாமல், அல்லது தெரிந்தும் "கார்டைப் பார்த்தால் அவர்களே சரிசெய்துகொள்வார்கள்" என்று நினைத்து, யாரோ படத்தை ஏற்றியிருப்பார்கள். இந்த நினைப்பைப் பற்றித்தான் இந்த மடல். கணக்குத் தொடங்கியதற்கும் கார்டுப் படத்தை ஏற்றுவதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில் திருத்தினால் அது வெறும் எழுத்துப்பிழை. படத்தை ஏற்றிய பிறகு திருத்தக் கேட்டால், அடையாளத்தையே மாற்றக் கேட்பதாக எங்கள் பக்கத்தில் பதிவாகிறது. பிழை ஒன்றுதான், ஆனால் பார்க்கும் கண் வேறாகிவிடுகிறது.

முதலில் தேதியை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் சத்தமில்லாமல் கெடுக்கும்.

நம் ஊர் அடையாள எண்ணில் 13 இலக்கங்கள். முதல் ஆறும் பிறந்த தேதி: ஆண்டின் கடைசி இரண்டு இலக்கம், பிறகு மாதம், பிறகு நாள். 1956 ஜூலை 4 அன்று பிறந்தவருக்கு எண் 560704 என்று தொடங்கும். அடுத்த நான்கு இலக்கம் 5000-க்குக் கீழே இருந்தால் பெண், 5000-உம் மேலும் என்றால் ஆண். பதினோராவது இலக்கம் குடிமக்களுக்கு 0, நிரந்தரக் குடியிருப்பாளருக்கு 1. கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். முன்னால் உள்ள பன்னிரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டால் அது வரவேண்டும், வராவிட்டால் எண் தப்பு.

அந்தக் கடைசி இலக்கத்தை நம்பி உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். அது எதைப் பிடிக்கும், எதை விட்டுவிடும் என்று தெரிந்துகொள்வது நல்லது. கணக்கு இப்படி: இடமிருந்து ஒற்றைப்படை இடங்களில் இருக்கும் இலக்கங்களை அப்படியே கூட்ட வேண்டும். இரட்டைப்படை இடங்களில் இருப்பவற்றை இரண்டால் பெருக்கி, ஈரிலக்கமாக வந்தால் அந்த இரண்டு இலக்கங்களையும் கூட்டிக்கொண்டு, பிறகு சேர்க்க வேண்டும். சரிபார்ப்பு இலக்கத்தையும் சேர்த்த மொத்தம் பத்தால் மீதியின்றி வகுபட வேண்டும். ஒரே ஒரு இலக்கம் மாறினால் இந்தக் கணக்கு உடனே காட்டிக்கொடுக்கும். அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறினாலும், 0-உம் 9-உம் மாறிய ஒரு வகையைத் தவிர, பிடித்துவிடும்.

ஆனால் மாதமும் நாளும் இடம் மாறினால் பிடிக்கவே பிடிக்காது. மாதம் மூன்றாவது, நான்காவது இடங்களில் இருக்கிறது. நாள் ஐந்தாவது, ஆறாவது இடங்களில். இரண்டையும் மாற்றிப் போட்டால் மூன்றாவது இலக்கம் ஐந்தாவதுக்குப் போகிறது, நான்காவது ஆறாவதுக்குப் போகிறது. ஒற்றை இடத்தில் இருந்தது ஒற்றையிலேயே இருக்கிறது, இரட்டை இடத்தில் இருந்தது இரட்டையிலேயே இருக்கிறது. கூட்டுத்தொகையில் ஒரு மாற்றமும் இல்லை. வேண்டுமானால் உங்கள் சொந்த எண்ணை ஒரு தாளில் எழுதி மாற்றிப் போட்டுக் கூட்டிப் பாருங்கள். ஆக 560704-ஐ 560407 என்று அடித்துவிட்டால் ஆப் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் அடுத்த திரைக்குப் போகும். நல்ல நேரமாக இருந்தால் பதிவேட்டில் அப்படி ஒரு எண் இல்லை என்று பதில் வரும். கெட்ட நேரமாக இருந்தால் அது ஏப்ரல் 7 அன்று பிறந்த வேறு ஒரு அம்மாவின் எண்ணாக இருக்கும்.

எண்ணைக் கேட்காமல் பிறந்த தேதியை மட்டும் கேட்கும் சேவைகளில் இதைவிட மோசம். வெளிநாட்டு ஆப்கள் பெரும்பாலும் இப்படித்தான். எண்ணைக் கார்டுப் படத்தில்தான் முதன்முதலாகப் பார்க்கின்றன. அமெரிக்காவில் செய்த திரையில் மாதம் முதலில் வரும், நாள் இரண்டாவது. நம் பச்சை அடையாளப் புத்தகத்தில் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எல்லாம் எண்ணாகவே இருக்கும். ஸ்மார்ட் கார்டில் நாள், எழுத்தில் மாதம், ஆண்டு. வாயால் சொல்லும்போது நாம் நாளைத்தான் முதலில் சொல்கிறோம். நாள் 12-க்கு மேலே இருந்தால் அமெரிக்கத் திரை அதை மாதமாக ஏற்காது, சிவப்பாகிக் காட்டிவிடும். 12-உம் அதற்குக் கீழும் இருந்தால் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்ளும். ஒரு வருடத்தில் 132 நாட்கள் இப்படி மாற்றிப் போட்டாலும் செல்லுபடியாகும் தேதிகள். மூன்றில் ஒருவருக்கும் மேல் இந்த வலையில் விழக்கூடியவர்கள் என்று அர்த்தம். பிறந்த நாள் 12-க்குள் என்று தெரிந்தால், அந்தத் திரையில் மாதம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று இரண்டு தடவை பாருங்கள்.

சக்கரம் மாதிரி உருட்டும் தேதித் திரை இன்னொரு வகை. அது இந்த வருடத்தில் திறக்கும். 1950-களுக்கு உருட்டிக்கொண்டு போய் ஆண்டைப் பிடித்த களைப்பில், மாதத்தையும் நாளையும் தொடாமல் விட்டுவிடுகிறோம். ஒரு கணக்கில் தேதி ஜனவரி 1 என்றோ, கணக்குத் தொடங்கிய அதே நாள், அதே மாதம் என்றோ இருந்தால் நாங்கள் கார்டைப் பார்ப்பதற்கு முன்பே காரணத்தை ஊகித்துவிடுவோம்.

இதில் நம்மவர்களுக்கே உரிய ஒரு சங்கதியும் உண்டு. பாட்டியிடம் "பிறந்தநாள் என்றைக்கு?" என்று கேட்டால், அவர் ஆடி மாதம், வெள்ளிக்கிழமை, இன்ன நட்சத்திரம் என்று சொல்வார். பிள்ளைகள் கேக் வெட்டும் தேதி ஒன்று இருக்கும். கார்டில் இருப்பது மூன்றாவது ஒரு தேதியாக இருக்கும், ஏனென்றால் பிறப்பைப் பிந்திப் பதிந்த குடும்பங்கள் அந்தக் காலத்தில் பல. எது உண்மை என்று மண்டபத்தில் விவாதிக்க வேண்டாம். கணக்குக்குத் தேவை கார்டில் அச்சாகியிருக்கும் தேதி மட்டும்தான்.

அடுத்தது பெயர். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து வந்து டர்பனில் நின்றதிலிருந்து, 1911 வரை வந்த ஒப்பந்தக் கூலிகளின் பெயர்களை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதன் விளைவை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். ஒரே முதலியார் Moodley ஆகவும் Mudaly ஆகவும் Moodaley ஆகவும் இருக்கிறார். Pillay இருக்கிறது, Pillai இருக்கிறது. Padayachee-இன் கடைசி எழுத்துகளை வீட்டுக்கு வீடு வேறு மாதிரி எழுதுகிறார்கள். அண்ணன் ஒரு எழுத்தில், தம்பி வேறு எழுத்தில் பதிவான குடும்பங்கள் உண்டு. அதனால் மகனின் குடும்பப் பெயரைப் பார்த்துத் தாயின் பெயரை எழுதாதீர்கள். பாட்டியின் கார்டில் எப்படியோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து.

குடும்பப் பெயரை விடத் தொல்லை தருவது முன்பெயர். கார்டில் Names என்ற வரியில் இருப்பது எல்லாமே முன்பெயர்தான், இரண்டு இருந்தால் இரண்டும் வேண்டும். எல்லோரும் 'ரோசி ஆண்டி' என்று கூப்பிடுகிறார்கள் என்பதற்காக ரோசி என்று எழுதினால், அந்தப் பெயரில் பதிவேட்டில் ஒருவரும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரை ஊரெல்லாம் வைத்திருப்பார்கள், பதிவேட்டில் மட்டும் பிறந்த வீட்டுப் பெயரே இருக்கும். அப்படியானால் பிறந்த வீட்டுப் பெயரையே எழுத வேண்டும்.

முன்பெயரில் தப்பினால் பிறகு எங்கே இடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறோம். இந்த நாட்டில் ஒரு வங்கிக் கணக்கு இன்னாருடையதுதானா என்று ஒரு சேவை இன்னொரு வங்கியிடம் கேட்கும்போது, வழக்கமாக அடையாள எண்ணையும் குடும்பப் பெயரையும் முதலெழுத்துகளையும் ஒப்பிடுவார்கள். வங்கியில் K D என்றும் ஆப்பில் R என்றும் இருந்தால், கார்டு எப்படியோ நழுவிப் போயிருந்தாலும் பணம் எடுக்கும் நாளில் நின்றுவிடும். அப்போது பாட்டி பணத்தைப் போட்டு மாதங்கள் ஆகியிருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத பிழைகளும் உண்டு. போன் தானாக நிரப்பும் பெயர் அநேகமாகப் போனை வாங்கிக்கொடுத்த மகனின் பெயர். கூகுள் கணக்கு வழியாக உள்ளே நுழைந்தால் அந்தக் கணக்கில் விளையாட்டாக வைத்த பெயர் அப்படியே வந்து உட்காரும். சொல்திருத்தி நம் பெயர்களை ஆங்கிலச் சொல்லாக்கப் பார்க்கும். பெயருக்குப் பின்னால் ஒரு வெற்றிடம் ஒட்டிக்கொண்டிருப்பது திரையில் தெரியாது, ஆனால் சில அமைப்புகள் அதையும் ஓர் எழுத்தாகவே எண்ணும். பெயர்ப் பெட்டியின் கடைசியில் விரலை வைத்துப் பாருங்கள். நிற்கும் கோடு எழுத்தை ஒட்டி நிற்காமல் தள்ளி நின்றால் ஒரு முறை அழியுங்கள்.

இனி ஒரு கணக்கை முழுதாகப் பார்ப்போம். பெயரும் தேதியும் கற்பனை. பிழைகள் நாங்கள் தினம் பார்ப்பவை. பாட்டியின் ஸ்மார்ட் கார்டில் இப்படி இருக்கிறது:

```
Surname: MOODLEY
Names: KANAGAMBAL DEVI
Date of Birth: 04 JUL 1956
```

ஆப்பில் விழுந்திருப்பது இது:

```
First name: Rosie
Last name: Moodley
Date of birth: 04/07/1956
```

தேதியைப் பார்த்தால் சரியாக இருப்பது போலத் தெரிகிறது, இல்லையா? ஆனால் அந்த ஆப் மாதத்தை முதலில் வைக்கும் ஆப். அதன் கணக்கில் பாட்டி ஏப்ரல் 7 அன்று பிறந்தவர். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: சுயவிவரப் பக்கத்துக்குப் போனால் பல ஆப்கள் தேதியை மாதத்தின் பெயரோடு காட்டும். Apr என்று தெரிந்தால் முடிந்தது கதை. எண்ணிலேயே காட்டினால், போனின் மொழி அமைப்பை அமெரிக்க ஆங்கிலத்திலிருந்து தென்னாப்பிரிக்க ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டுத் திரும்பத் திறந்து பாருங்கள். எண்கள் இடம் மாறினால் ஆப் போனின் வழக்கத்தைப் பின்பற்றுகிறது. மாறிய வரிசையில் எது நாள், எது மாதம் என்று தெளிவாகும். மாறாவிட்டால் அது தன் வரிசையையே பிடித்துக்கொண்டிருக்கிறது, அது எந்த வரிசை என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது திரை "அடையாள அட்டையின் படத்தை ஏற்றுங்கள்" என்று கேட்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே நிற்க வேண்டும். பின்னால் போய் ஆப்பை மூடுங்கள். அழிக்க வேண்டாம், கணக்கையும் மூட வேண்டாம். பணம் எதுவும் போடாதீர்கள். இன்னொரு மின்னஞ்சலில் புதுக் கணக்கு ஒன்று தொடங்கிவிடலாமே என்று தோன்றும், அதுதான் இருப்பதிலேயே கெட்ட யோசனை. ஒரே ஆளுக்கு, ஒரே போனில், இரண்டு கணக்கு, இரண்டு பிறந்த தேதி என்று அமைப்பு பார்க்கும். இரண்டையும் சேர்த்து நிறுத்திவைக்கும்.

பிறகு சுயவிவரப் பக்கத்தைத் திறந்து எது திருத்த வருகிறது, எது சாம்பல் நிறத்தில் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். சரிபார்ப்புக்கு முன் பெயரைத் திருத்தவிடும் சேவைகள் பல. பிறந்த தேதியைப் பூட்டிவைப்பவை அதிகம், ஏனென்றால் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் உள்ளே வந்த பிறகு வயதை ஏற்றிக்கொள்ளாமல் இருக்க வேண்டும். நம் உதாரணத்திலும் அப்படியே வைத்துக்கொள்வோம். முதலில் Rosie-ஐ அழித்துவிட்டு KANAGAMBAL DEVI என்று எழுதிச் சேமியுங்கள். பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்பது பொருட்டில்லை, எழுத்துகள்தான் பொருட்டு. சேமித்ததும் வெளியேறி மறுபடி உள்ளே வந்து பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். சேமித்ததாகச் சொல்லிவிட்டுப் பழையதையே வைத்துக்கொள்ளும் ஆப்களும் உண்டு.

தேதிக்கு எழுதித்தான் கேட்க வேண்டும். ஆப்புக்குள்ளேயே உதவிப் பகுதி இருந்தால் அதன் வழியாக எழுதுங்கள், அப்போது கேட்பவர் கணக்குக்குள் இருப்பவர்தான் என்பது தானாகவே தெரியும். இல்லாவிட்டால் கணக்கில் பதிந்த அதே மின்னஞ்சலிலிருந்து. கடிதம் நீளமாக இருக்க வேண்டாம். எந்த மின்னஞ்சலில், எந்தப் போன் எண்ணில் கணக்கு இருக்கிறது. எந்தப் பெட்டி தவறு. இப்போது என்ன இருக்கிறது. என்ன இருக்க வேண்டும். தவறு எப்படி வந்தது. கார்டு இன்னும் ஏற்றப்படவில்லை, சரிபார்ப்பு தொடங்கவில்லை. இவ்வளவுதான். தேதியை எழுதும்போது மாதத்தைக் கட்டாயம் எழுத்தில் எழுதுங்கள்: இருப்பது 7 April 1956, இருக்க வேண்டியது 4 July 1956. இதைக்கூட எண்ணில் எழுதி அனுப்பி, எதிரே இருப்பவர் மறுபடி தலைகீழாகப் படித்து, "உங்கள் தேதி சரியாகத்தானே இருக்கிறது" என்று பதில் போட்டுக் கோரிக்கையை மூடுவதைப் பார்த்துப் பார்த்து எங்களுக்கு அலுத்துவிட்டது.

"கார்டு இன்னும் ஏற்றப்படவில்லை" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் அது கோரிக்கையை வேறு வரிசைக்கு அனுப்புகிறது. ஏற்றாத கணக்கில் தேதியை மாற்றுவதற்குப் பெரும்பாலும் உதவி மேசையில் இருப்பவருக்கே அதிகாரம் உண்டு. ஏற்றியதென்றால் இணக்கப் பிரிவு பார்க்க வேண்டும், அங்கே வரிசை நீளம்.

முதல் கடிதத்தோடு கார்டின் படத்தை இணைக்காதீர்கள். ஆதாரம் வேண்டுமானால் அவர்கள் கேட்பார்கள். கேட்டால் ஆப்புக்குள் இருக்கும் ஏற்றும் இடத்தையோ பாதுகாப்பான இணைப்பையோ தரச் சொல்லுங்கள். சாதாரண மின்னஞ்சலில் போன கார்டுப் படம் எத்தனை பெட்டிகளில் எத்தனை வருடம் கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

சில சமயம், "பரவாயில்லை, படத்தை ஏற்றுங்கள், கார்டிலிருந்து தேதி தானாக எடுத்துக்கொள்ளப்படும்" என்று பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கலாம். கார்டில் படித்ததை எடுத்துப் பழையதன் மேல் எழுதும் அமைப்புகள் உண்டு. தட்டச்சு செய்ததோடு ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் தள்ளிவிடும் அமைப்புகளும் உண்டு. உதவி மேசையில் இருப்பவருக்குத் தன் நிறுவனத்தில் எது நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, சங்கடமான உண்மைதான். அதனால் ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள்: "கார்டுத் தேதி சுயவிவரத் தேதியோடு பொருந்தாவிட்டால் சரிபார்ப்பு நிராகரிக்கப்படுமா?" நிராகரிக்கப்படாது என்று எழுத்தில், கோரிக்கை எண்ணோடு பதில் வந்தால் ஏற்றுங்கள். இல்லாவிட்டால் தேதி மாறும்வரை காத்திருங்கள்.

காத்திருக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தவறான விவரத்தோடு முயன்று பார்க்கும் தடவைகளுக்கு வரம்பு இருக்கிறது. எத்தனை தடவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். பதிவேட்டோடு உடனுக்குடன் ஒப்பிடும் ஒவ்வொரு சோதனைக்கும் ஹோம் அஃபேர்ஸ் நிறுவனங்களிடம் கட்டணம் வாங்குகிறது. 15 சென்ட்டாக இருந்த அது 2025 ஜூலை 1 முதல் 10 ரேண்டு. தோற்ற சோதனைக்கும் காசு போகிறது என்னும்போது, நான்காவது ஐந்தாவது தடவைக்கு எந்த நிறுவனமும் கதவைத் திறந்துவைக்காது.

மாற்றிவிட்டோம் என்று பதில் வந்ததும் சுயவிவரத்தில் மட்டும் பார்த்துவிட்டு ஏற்றிவிடாதீர்கள். பணம் எடுப்பதற்கான வங்கிப் பகுதியிலும், வரி விவரம் கேட்கும் பகுதி இருந்தால் அங்கேயும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் சரியென்றால் அந்தத் திரைகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு படத்தை ஏற்றுங்கள். கார்டின் நான்கு மூலைகளும் தெரிய வேண்டும், மண்டபத்துக் குழல்விளக்கு கார்டின் மேல் பளிச்சிடக் கூடாது. பச்சைப் புத்தகமாக இருந்தால் எல்லாச் சேவைகளும் அதை ஏற்பதில்லை என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கார்டில் இருப்பதைப் படத்தில் மாற்றித் தட்டச்சு செய்ததோடு பொருத்தி அனுப்பியவர்களையும் பார்த்திருக்கிறோம். உதவி செய்யும் எண்ணத்தில் செய்தாலும் அது ஆவண மோசடி, அந்தக் கணக்கு திரும்பி வராது.

ஏற்கெனவே ஏற்றிவிட்டு, "பரிசீலனையில்" என்று காட்டும்போதுதான் பிழை கண்ணில் பட்டதா? மறுபடி ஏற்றாதீர்கள். மேலே சொன்ன அதே கடிதத்தை, கடைசி வரியை மட்டும் உண்மைக்கு ஏற்ப மாற்றி, உடனே அனுப்புங்கள். நிராகரிப்பு வரும் முன்னே நீங்களே சொன்ன பிழைக்கும், நிராகரித்த பிறகு சொல்லும் பிழைக்கும் எங்கள் மேசையில் மதிப்பு வேறு.

பதிலே வராத நிறுவனங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டின் 4-ஆம் எண் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், நாம் போபியா என்று சொல்வது. அதன் 24-ஆம் பிரிவின்படி, தன்னைப் பற்றி ஒரு நிறுவனம் வைத்திருக்கும் தவறான தகவலைத் திருத்தச் சொல்லி ஒருவர் கேட்கலாம். அதற்கென்று விதிகளோடு வந்த படிவம் 2 இருக்கிறது. நிறுவனத்தின் தனியுரிமைப் பக்கத்தில் தகவல் அலுவலர் என்று ஒருவரின் முகவரி இருக்கும், உதவி மேசைக்கு அல்லாமல் அவருக்கு அனுப்புங்கள். கோரிக்கையை என்ன செய்தார்கள் என்று தெரிவிக்கும் கடமை அவர்களுக்கு உண்டு. அதன் பிறகும் மௌனம் என்றால் தகவல் ஒழுங்காணையத்திடம் முறையிடலாம்.

ஆனால் அந்த உரிமை பாட்டியுடையது, உங்களுடையது அல்ல. இங்கேதான் உங்களிடம் கொஞ்சம் கடிந்து பேச வேண்டியிருக்கிறது. பாட்டிக்கு மின்னஞ்சல் இல்லை என்பதால் உங்கள் மின்னஞ்சலையே கொடுத்துவிடுகிறீர்கள். ஒரே முகவரியில் புள்ளி வைத்தும் வைக்காமலும் ஐந்து பேருக்குக் கணக்குத் தொடங்கியவர்கள் உண்டு. பிழை வந்து திருத்தக் கேட்கும்போது, இருபது வயதுப் பையனின் மின்னஞ்சலிலிருந்து எழுபது வயது அம்மாவின் பிறந்த தேதியை மாற்றச் சொல்லிக் கடிதம் வருகிறது. எங்கள் இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? பாட்டிக்கென்று ஒரு மின்னஞ்சல், பாட்டியின் பையில் இருக்கும் போனுக்கு வரும் ஓடிபி. இது இல்லாமல் கணக்கைத் தொடங்கவே தொடங்காதீர்கள்.

கார்டே தப்பாக இருந்தால்? பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கும், தேதி வேறாக இருக்கும். அப்போதும் ஆப்பில் கார்டில் உள்ளதையே எழுதுங்கள். பதிவேட்டிலும் அதுதான் இருக்கிறது. கார்டைத் திருத்துவது ஹோம் அஃபேர்ஸில் நடக்க வேண்டிய வேறு வேலை. பிறந்த தேதியைத் திருத்தினால் அடையாள எண்ணே மாறிவிடும், அதன் முதல் ஆறு இலக்கமும் தேதிதானே. பழைய எண்ணில் இருக்கும் வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், காப்பீடு எல்லாவற்றுக்கும் போய் மாற்ற வேண்டி வரும். அதற்குத் தயாரா என்று குடும்பம் உட்கார்ந்து பேசி முடிவு செய்யட்டும். பாதி திருத்தம் நடந்துகொண்டிருக்கும்போது புதுக் கணக்கு மட்டும் தொடங்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு மேசையில் போனோடு ஒரு பென்சிலும் தாளும் வையுங்கள். போனைத் தொடுவதற்கு முன், கார்டைப் பார்த்துக் குடும்பப் பெயர், முன்பெயர்கள், மாதத்தை எழுத்தில் எழுதிய தேதி, இந்த மூன்றையும் பெரிய எழுத்தில் தாளில் எழுதி, கார்டோடு பாட்டியின் கையில் கொடுத்து ஒப்பிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தத் தாளைப் பார்த்து அடியுங்கள். கடைசி பொத்தானை அழுத்துமுன் போனைப் பாட்டி பக்கம் திருப்புங்கள். வேலை முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள், மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இப்படிக்கு,
சரிபார்ப்பு மேசையில் வேலை செய்யும் டர்பன் தமிழர்கள் சிலர்